இரவில் பருக்கும் எழுத்து

டீ ஆறுவதற்குள் ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார், ஒரு நொடியில் ஏறக்குறைய 28 மீட்டர் கடக்கிறது. அமெரிக்க நெடுஞ்சாலை விதிப்படி ஓர் அங்குல உயர எழுத்தை 30 அடி தூரத்திலிருந்து படிக்கலாம் என்று வைத்துக்கொள்கிறார்கள். அப்படியானால் 30 சென்டிமீட்டர் எழுத்து 110 மீட்டரில்தான் கண்ணுக்குப் பிடிபடும். கையில் இருப்பது நான்கு நொடி. பலகையை நெருங்கும்போது அது தலைக்கு மேலேயோ ஓரத்துக்கோ விலகிவிடுவதால் அதிலும் கொஞ்சம் போய்விடும். மீதி நேரத்தில் மூன்று ஊர்ப்பெயர்களில் தன் ஊரைத் தேடி, அம்புக்குறியையும் பார்த்து, எந்தத் தடத்துக்கு மாறுவது என்று ஓட்டுநர் முடிவெடுக்க வேண்டும்.

எழுத்தைப் பெரிதாக்கினால் என்ன என்று கேட்கலாம். உயரம் இரண்டு மடங்கானால் பலகையின் பரப்பு நான்கு மடங்காகும். காற்று அதை அவ்வளவு பலமாகத் தள்ளும், தூணும் அடித்தளமும் அதற்கேற்பப் பருக்கும். அதனால்தான் உயரத்தைக் கூட்டாமல், எழுத்தின் வடிவத்தை மாற்றியே இன்னும் சில மீட்டர்களைச் சம்பாதிக்கப் பார்க்கிறார்கள்.

இதில் அமெரிக்காவின் அனுபவம் நிறையக் கற்றுத் தருகிறது. அங்கே பச்சைப் பலகைகளில் நெடுங்காலம் இருந்தது ‘ஹைவே காத்திக்’ எழுத்துக் குடும்பத்தின் தடித்த வகை ஒன்று. அந்தத் தடிப்புக்குக் காரணம் உண்டு. ஹெட்லைட் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும் சிறு வில்லைகளை அன்று எழுத்துகளுக்குள்ளேயே வரிசையாகப் பதித்தார்கள். வில்லை உட்கார இடம் வேண்டும் என்பதற்காகக் கோடு தடித்தது. பிறகு ஒளியைத் திருப்பி அனுப்பும் பிரகாசமான தாள்கள் வந்தன, வில்லைகள் போயின. கோட்டின் தடிப்பு மட்டும் அப்படியே தங்கிவிட்டது.

சிக்கல் இரவில்தான். ஹெட்லைட் பட்டதும் வெள்ளை எழுத்தின் ஒளி, உறிஞ்சுதாளில் விழுந்த மைபோலத் தன் எல்லையைத் தாண்டிப் பரவித் தெரிகிறது. a, e, s போன்ற எழுத்துகளுக்குள் இருக்கும் சிறு இடைவெளி முதலில் அடைபடும். அது அடைபட்டால் மூன்றும் ஒரே வெள்ளைக் குமிழாகிவிடும். வயதானவர்களின் கண்ணில் ஒளி இன்னும் சிதறுவதால் அவர்களுக்குத் தொல்லை அதிகம்.

டான் மீக்கர், ஜேம்ஸ் மொண்டல்பானோ ஆகியோர் சேர்ந்து வடிவமைத்த ‘கிளியர்வியூ’ இந்த இடைவெளியைத்தான் கவனித்தது. சிறிய எழுத்துகளின் உடலை உயர்த்தினார்கள், உள்வெளியைத் திறந்துவிட்டார்கள். பென்சில்வேனியாவில் நடந்த சோதனைகளில் நல்ல பலன் தெரிந்தது. 2004-இல் மத்திய நெடுஞ்சாலை நிர்வாகம் அதற்கு இடைக்கால அனுமதி தந்தது.

2016-இல் அதே நிர்வாகம் அந்த அனுமதியைத் திரும்பப் பெற்றது. காரணம் இதுதான்: வெயிலில் மங்கிப்போன பழைய பலகையைப் புதுத் தாளில் அச்சிட்ட புது எழுத்தோடு ஒப்பிட்டால், முன்னேற்றம் எழுத்தால் வந்ததா, தாளால் வந்ததா என்று எப்படிச் சொல்வது? தவிர, வெள்ளை அல்லது மஞ்சள் பின்னணியில் கறுப்பு எழுத்தாக இட்டபோது கிளியர்வியூ பழையதைவிடத் தேறவில்லை. இது எனக்கு வியப்பாக இல்லை. அங்கே ஒளிர்வது பின்னணி. அது எழுத்தை நாற்புறமும் அரிக்கும்போது, மெலிந்த கோடு இன்னும் மெலியும். 2018-இல் அனுமதி மறுபடியும் கிடைத்தது. பிரிட்டனில் ஜாக் கின்னியரும் மார்கரெட் கால்வெர்ட்டும் உருவாக்கிய ‘டிரான்ஸ்போர்ட்’ எழுத்து இரண்டு தடிப்புகளில் இருப்பது, ஒளிர்வது எழுத்தா பின்னணியா என்பதற்கு ஏற்பத்தான். கருநிறப் பின்னணியில் வெள்ளை எழுத்துக்கு மெல்லியது, வெளிர் பின்னணியில் கறுப்பு எழுத்துக்குத் தடித்தது. பலகைக்கு எழுத்துத் தேர்ந்தெடுப்பவர் எழுத்தின் பெயரைக் கேட்கும் முன், எது ஒளிரப்போகிறது என்று கேட்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

தமிழுக்கு இது இன்னும் கடுமையாகப் பொருந்தும். மூன்று சுழி ண-வும் இரண்டு சுழி ன-வும் தடித்த கோட்டில் ஒளி பரவினால் ஒன்றுபோலாகிவிடும். திண்டிவனம், திண்டுக்கல் இரண்டும் ஒரே பலகையில் வந்தால், முதலில் வேறுபடும் இடம் டி-யும் டு-வும்தான். டி-யின் மேல்வளைவையும் சேர்த்து அளந்து 30 சென்டிமீட்டர் என்று எழுதினால், ட-வின் உடல் அதைவிடக் குறுகிப்போகும். உயரத்தை உடலுக்கு மட்டுமே கணக்கிட வேண்டும். வரிகளுக்கு நடுவே மேல்வளைவுக்கும் கீழ்வளைவுக்கும் இடம் விட வேண்டும்.

சோதித்துப் பார்க்க நெடுஞ்சாலை தேவையில்லை. 110 மீட்டரில் நிற்கும் 30 சென்டிமீட்டர் எழுத்தும், 11 மீட்டரில் நிற்கும் 3 சென்டிமீட்டர் எழுத்தும் கண்ணுக்கு ஒரே அளவுதான். ஊர்ப்பெயர்களை அந்த அளவில் அச்சிட்டுச் சுவரில் ஒட்டுங்கள். பட்டியலைப் பார்க்காத ஒருவரைத் தூரத்திலிருந்து மெல்ல நடந்துவரச் சொல்லி, முதல் தடவை சரியாகப் படித்த இடத்தைக் குறியுங்கள். அதற்கு முன் அவர் தப்பாகப் படித்த எழுத்துகளையும் எழுதிவையுங்கள். எந்த உள்வெளி அடைபடுகிறது என்பதை அந்தத் தப்புகள்தான் சொல்லும். ஒளி பரவுவதைக் காகிதம் காட்டாது. அதற்கு நிஜத் தாளில் ஒரு துண்டு அச்சிட்டு, இருட்டில், ஹெட்லைட் போட்ட காருக்குள் உட்கார்ந்து பார்த்தே ஆக வேண்டும்.