நூலும் சுவரும்

அரபி வகுப்பில் எனக்கு அது இரண்டாவது ஆண்டு. உஸ்தாத் ஒருநாள் பலகையில் ஒரு வரி எழுதினார்: "கைத் ஹரீர் அலா ஹைத் கலீல்." கலீல் வீட்டுச் சுவரில் பட்டு நூல் என்று அர்த்தம். அரபு நாட்டுப் பிள்ளைகள் ஒருவரையொருவர் மடக்குவதற்குச் சொல்லும் நாப்பிறழ் வரி இது. நான் எழுந்து ஐந்து தடவை வேகமாக, எங்கும் தடுக்காமல் சொல்லி முடித்தேன். பக்கத்தில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். உஸ்தாத் மட்டும் அமைதியாகக் கேட்டார்: "அஞ்சு தடவையும் சுவரைத்தான் சொன்னீங்க. நூல் எங்கே?"

நூலுக்கு அரபியில் உள்ள சொல்லும் சுவருக்குப் பேச்சு வழக்கில் உள்ள சொல்லும் ஒரே ஒரு ஒலியில்தான் வேறுபடுகின்றன. நூல் என்ற சொல் உள்நாக்கின் அருகே கரகரவென்று உரசும் ஒலியில் தொடங்குகிறது. சுவர் என்ற சொல் அதற்கும் கீழே, தொண்டைக்குழி இறுகி வரும் ஒலியில் தொடங்குகிறது. எழுத்தில் பார்த்தாலும் இரண்டுக்கும் நடுவே ஒரு புள்ளிதான் வித்தியாசம். நான் மெதுவாகச் சொன்னபோது இரண்டும் ஓரளவு பிரிந்திருந்தன. வேகம் கூடியதும் இரண்டும் சாதாரண 'ஹ' ஆகிவிட்டன. அதனால்தான் வரி அவ்வளவு சரளமாக ஓடியது.

தமிழில் யோசித்துப் பார்த்தால் இது சட்டென்று புரியும். ஏழைக் கிழவன் வாழைப்பழத் தோலில் வழுக்கி விழும் அந்தப் பிரசித்தமான வரி, ழகரத்தை ழகரமாகச் சொல்பவரைத்தான் தடுமாற வைக்கும். 'வாளப்பளம்' என்று சொல்பவருக்கு அதில் ஒரு சிரமமும் இல்லை. நாப்பிறழ் வரி என்பது ஒலிகளைப் பிரித்துச் சொல்லத் தெரிந்த வாய்க்கு வைக்கும் சோதனை. பிரிக்கத் தெரியாத வாய் அதைத் தாண்டிப் போய்விடும். எனவே இடைநிலை மாணவர் ஒருவர் அரபி நாப்பிறழ் வரியை முதல் வாரத்திலேயே மடமடவென்று சொல்கிறார் என்றால், மகிழ்வதற்கு முன் சந்தேகப்பட வேண்டும்.

இந்தப் பிரித்தறிவை வளர்ப்பது இணைச்சொல் பயிற்சி. ஒரே ஒரு ஒலியில் மாறுபட்டு, அர்த்தத்தில் முழுக்க விலகி நிற்கும் சொற்களைச் சோடியாக வைத்துப் பழகுவது. எனக்கு மிகவும் உதவியது ஒரு மூன்று சொல் கூட்டம். தாய்மாமனுக்கு ஒரு சொல், நிலைமைக்கு ஒரு சொல், அரபிகள் காபியில் போடும் ஏலக்காய்க்கு ஒரு சொல். தமிழில் எழுதினால் கால், ஹால், ஹால் என்றுதான் வரும். பின் இரண்டையும் நம் எழுத்து பிரித்தே காட்டாது. முதல் சொல்லின் 'கா'வும் நம்முடைய கா அல்ல. ஆகவே இங்கே அவற்றை உரசல் கா, தொண்டை ஹா, மூச்சு ஹா என்று அழைக்கிறேன். மாமன் உரசல் கா, நிலைமை தொண்டை ஹா, ஏலக்காய் மூச்சு ஹா.

இவற்றை வாயில் பிடிக்க ஒரு பழைய வழி இருக்கிறது. எட்டாம் நூற்றாண்டில் பஸ்ராவில் வாழ்ந்த அல்-கலீல் இப்னு அஹ்மத், அரபியின் முதல் பெரிய அகராதியை எழுத்து வரிசைப்படி அடுக்கவில்லை. தொண்டையின் ஆழத்திலிருந்து உதடு நோக்கி, ஒலி பிறக்கும் இடப்படி அடுக்கினார். அய்ன் என்ற தொண்டை ஒலியில் தொடங்குவதால் நூலுக்கே 'கிதாபுல் அய்ன்' என்று பெயர். ஓர் எழுத்து எங்கே பிறக்கிறது என்று பார்க்க அவர் அதற்கு முன்னால் 'அ' சேர்த்து, எழுத்தை உயிரில்லாமல் நிறுத்திச் சுவைத்துப் பார்ப்பாராம். அப், அத், அஹ் என்று. குர்ஆன் ஓதக் கற்றவர்கள் மக்ரஜ் என்று சொல்வது இந்தப் பிறப்பிடத்தைத்தான்.

இதை இன்றும் அப்படியே செய்யலாம். 'அ' என்று தொடங்கி உரசல் கா-வில் நின்று மூன்று விநாடி இழுங்கள். தொண்டையில் மீன்முள் குத்தினால் காறுவோமே, அந்தக் கரகரப்பின் மெல்லிய வடிவம் கேட்க வேண்டும். அடுத்து தொண்டை ஹா. இதில் கரகரப்பு இருக்கக் கூடாது. பச்சை மிளகாயைக் கடித்துவிட்டு 'ஹா' என்று ஊதும்போது தொண்டை லேசாக இறுகுவதைப் போல நாக்கின் வேர் பின்னால் போய் வழியைக் குறுக்க வேண்டும். கடைசியாக மூச்சு ஹா, வெறும் பெருமூச்சு. தொண்டை ஹா சரியா என்று பார்க்க இரண்டு அடையாளம் உண்டு. வழி குறுகியிருப்பதால் காற்று மெல்லத் தீரும். மூச்சு ஹா-வோ சட்டென்று காற்றைக் காலி செய்துவிடும். இன்னொன்று, தொண்டை ஹா-வை இழுத்துக்கொண்டே குரலைக் கூட்டினால் அது அய்ன் ஆக வேண்டும். இரண்டுக்கும் இடம் ஒன்றே, குரல்தான் வேறு. குரல் கூட்டியதும் வெறும் 'ஆ' வந்தால் தொண்டை இறுகவே இல்லை என்று அர்த்தம்.

ஆனால் வாய்க்கு முன்னால் காது பழக வேண்டும். அரபி தாய்மொழிக்காரர் ஒருவரையோ நல்ல உச்சரிப்பு உள்ளவரையோ மாமன், நிலைமை இரண்டு சொற்களையும் தாறுமாறான வரிசையில் இருபது தடவை சொல்லச் சொல்லுங்கள். அவர் முகத்தைப் பார்க்காமல் கேட்டது எது என்று குறியுங்கள். இருபதில் பத்துப் பன்னிரண்டு சரியென்றால் அது குருட்டாம்போக்குதான். பதினெட்டாவது வரும்வரை நாப்பிறழ் வரிப் பக்கமே போக வேண்டாம். ஆள் கிடைக்காதபோது நான் செய்தது வேறு. இருபது சொற்களை முன்கூட்டியே ஒரு தாளில் எழுதி, அதைப் பார்த்து கைபேசியில் பதிவு செய்துவிட்டு, தாளை மடித்து வைத்துவிடுவேன். மறுநாள் என் குரலையே கேட்டு, நான் எதைச் சொல்லியிருக்கிறேன் என்று ஊகித்து எழுதி, தாளோடு ஒப்பிடுவேன். முதல் தடவை என் சொல்லை நானே ஒன்பது இடத்தில் தவறாக அடையாளம் கண்டேன். சொன்ன நேரத்தில் எல்லாம் தெளிவாக இருந்ததாகத்தான் தோன்றியது. மனதில் நினைத்த சொல்லைத்தான் நாம் கேட்கிறோம், வாயிலிருந்து வந்ததை அல்ல. ஓர் இரவு இடைவெளி விட்டால் அந்த மயக்கம் போய்விடும்.

இதற்குப் பிறகு நூல், சுவர் சோடி. அதிலும் தேறியபின் பட்டு நூல் வரிக்குத் திரும்பலாம். அதை முன்னாலிருந்து சொல்லாமல் வாலிலிருந்து கட்டுவது நல்லது. முதலில் 'கலீல்' மட்டும். பிறகு 'ஹைத் கலீல்'. பிறகு 'அலா ஹைத் கலீல்'. இப்படிச் செய்தால் வரி நீள நீள, நன்கு பழகிய பகுதியை நோக்கியே நாக்கு போகும். வரியின் ஒலி வரிசையைக் கவனியுங்கள்: உரசல், தொண்டை, அய்ன், மறுபடி தொண்டை, மறுபடி உரசல். மேலிருந்து கீழே இறங்கி, கீழேயே கொஞ்ச நேரம் தங்கி, கடைசியில் மேலேற வேண்டும். அந்தக் கடைசி ஏற்றத்தில்தான் எனக்கு விழுந்துகொண்டே இருந்தது. கலீல் ஹலீல் ஆகிவிடுவார். 'ஹைத் கலீல்' என்ற இரண்டு சொற்களை மட்டும் ஒரு வாரம் சொல்லித்தான் அது நின்றது. வேகத்தைத் தாளத்தோடு கூட்டுங்கள். விரல் தட்டுக்கு ஓர் அசை. பதிவைக் கேட்கும்போது நூல் சுவராக மாறும் வேகம் எதுவோ, அதற்கு ஒரு படி கீழேதான் அன்றைய பயிற்சி.

அந்த வரியில் இன்னொரு கண்ணியும் உண்டு. நூல், சுவர் இரண்டு சொற்களும் கனத்த 'த'வில் முடிகின்றன. தமிழர் பலர் அதை நம் 'ட' என்று எடுத்துக்கொள்கிறோம், அது தவறு. 'ட'வுக்கு நாக்கு நுனி மேலே மடங்கும். கனத்த த-வுக்கு நுனி பல்லருகிலேயே இருக்க, நாக்கின் பின்பகுதி எழுந்து உள்வாங்கும். அந்தக் கனம் பக்கத்து உயிரில் கேட்கும். 'தாப' என்று மெல்லிய த-வில் சொன்னால் பாவமன்னிப்புக் கேட்டான் என்று பொருள், கனத்த த-வில் சொன்னால் நன்றாயிற்று என்று பொருள். முதலாவதில் 'ஆ' பல அரபு ஊர்களில் 'ஏ' பக்கம் லேசாகச் சாயும். இரண்டாவதில் அது 'ஓ' பக்கம் இருளும். மெய்யைத் தேடாமல் உயிரைக் கேளுங்கள். அத்திப்பழம், களிமண் சோடியில் வரும் 'ஈ'யில் இந்த நிறமாற்றம் இன்னும் மெல்லியது. அதனால் 'தாப'வில் தொடங்கி 'தீன்' சோடிக்குப் போவது நல்லது, பாடப்புத்தக வரிசை எப்படி இருந்தாலும்.

எந்தச் சோடி முக்கியம் என்பது எங்கே பேசப் போகிறோம் என்பதைப் பொறுத்தது. இதயம், நாய் சோடியை எல்லா ஆசிரியரும் முதலில் சொல்வார்கள். இதயத்தின் முதல் ஒலி உள்நாக்கில் அடிக்கும் காஃப், நாயின் முதல் ஒலி நம்முடைய சாதாரண க. ஓதுவதற்கும் செய்தி வாசிப்பதற்கும் இது அவசியம். ஆனால் கெய்ரோவிலும் டமாஸ்கஸிலும் அன்றாடப் பேச்சில் அந்த ஆழமான காஃப் பெரும்பாலும் தொண்டை அடைப்பாகி இதயம் 'அல்ப்' ஆகிவிடும். வளைகுடாவில் அது 'கங்கை'யின் முதல் 'க' போல ஒலித்து 'கல்ப்' ஆகும். அங்கெல்லாம் இதயத்தையும் நாயையும் குழப்ப வாய்ப்பு குறைவு. வளைகுடாவுக்கு வேலைக்குப் போகும் நம் ஊர்க்காரர் மாமன், நிலைமை சோடியிலும், வேலை, நம்பிக்கை சோடியிலும் நேரம் செலவிடுவது மேல். பின்னதில் வேலை அய்னில் தொடங்கும், நம்பிக்கை வெறும் அ-வில். தமிழில் இரண்டும் 'அமல்'தான்.

நாக்குத் தடுமாறினால் மனம் சோர வேண்டாம். ஒன்பதாம் நூற்றாண்டின் பெரிய எழுத்தாளர் அல்-ஜாஹிழ், ஒரு கல்லறையைப் பற்றிய ஒரு கவிதை வரியைக் குறிப்பிட்டு, அதை அடுத்தடுத்து மூன்று தடவை தடுக்காமல் சொல்ல யாராலும் முடியாது என்று மக்கள் கருதியதாக எழுதியிருக்கிறார். அது ஜின்களின் கவிதை என்றே பேச்சு இருந்ததாம். தாய்மொழிக்காரர் நாக்கே பின்னும் இடம் அது.

பட்டு நூல் வரி வசமானதும் அடுத்தது இதுதான்: "கஷபதுல் ஹப்ஸ் ஹபஸத் கம்ஸ கஷபாத்." சிறையின் மரக்கட்டை ஐந்து மரக்கட்டைகளைச் சிறை வைத்தது. வரிசை உரசல், தொண்டை, தொண்டை, உரசல், உரசல். கூடவே ஷ-வும் ஸ-வும் மாறி மாறி வருகின்றன. 'ஹபஸத்' முடிந்து 'கம்ஸ' தொடங்கும் இடத்தில் பதிவை நிறுத்திக் கேளுங்கள். அந்த ஐந்து, 'ஹம்ஸ' ஆகியிருந்தால் மாமன், நிலைமை தாளை மறுபடி எடுக்க வேண்டும். நான் இந்த வாரம் எடுத்திருக்கிறேன்.