கோட்டின் சாய்வு சொல்லும் 103 கிலோஜூல்

டைநைட்ரஜன் பென்டாக்சைடு என்ற வாயுவுக்கு நிறம் கிடையாது. அது தானாகவே சிதைந்து, பழுப்பு நிற நைட்ரஜன் டைஆக்சைடாகவும் ஆக்சிஜனாகவும் மாறும். 0 டிகிரி செல்சியஸில் வைத்தால் அதில் பாதி சிதைய ஏறக்குறைய பத்து நாள் ஆகும். 25 டிகிரியில் ஐந்தரை மணி நேரம் போதும். 65 டிகிரியில் இரண்டரை நிமிடத்துக்குள் பாதி காலி.

அமெரிக்க வேதியியலாளர்கள் ஃபாரிங்டன் டேனியல்ஸும் ஜான்ஸ்டனும் 1921-இல் இந்தச் சிதைவை ஆறு வெப்பநிலைகளில் அளந்து வெளியிட்டார்கள். இரண்டு மூலக்கூறு ஐந்து மூலக்கூறு வாயுவின் பக்கம் நகர நகர, மூடிய பாத்திரத்தில் அழுத்தம் ஏறும். அந்த ஏற்றத்திலிருந்து வினை எவ்வளவு வேகமாக நடக்கிறது என்று கணக்கிடலாம். அந்த வேகத்தைக் குறிக்கும் எண்தான் வினைவேக மாறிலி, k. அவர்களின் எண்கள் நூறாண்டு கழிந்தும் கல்லூரிப் பாடநூல்களில் பயிற்சிக் கணக்காக வருகின்றன. ஒரு அர்ரீனியஸ் வரைபடத்தைப் படிக்கக் கற்க அதைவிட நல்ல தரவு கிடைப்பது அரிது.

வெறும் பத்து டிகிரிக்கு ஏன் இவ்வளவு வித்தியாசம்? 25-இலிருந்து 35 டிகிரிக்குப் போனால் வாயு மூலக்கூறுகளின் சராசரி வேகம் இரண்டு விழுக்காடுகூடக் கூடுவதில்லை. வினையோ கிட்டத்தட்ட நான்கு மடங்கு வேகமாகிறது. இதே வகைப் புதிர்தான் சர்க்கரைக் கரைசலை அமிலம் உடைக்கும் வினையை ஆராய்ந்த ஸ்வீடன் நாட்டு ஸ்வான்தே அர்ரீனியஸை 1889-இல் உறுத்தியது. எல்லா மூலக்கூறும் வினையில் இறங்குவதில்லை, ஒரு குறிப்பிட்ட ஆற்றலை எட்டிய சில மட்டுமே இறங்குகின்றன என்றார் அவர். அந்த வாசற்படியின் உயரம்தான் கிளர்வு ஆற்றல். வெப்பநிலை சற்று ஏறினாலும் படியைத் தாண்டக்கூடியவற்றின் எண்ணிக்கை பல மடங்கு பெருகிவிடும்.

அவர் எழுதிய சமன்பாட்டின் இருபுறமும் இயல் மடக்கை எடுத்தால் இப்படி வரும்:

ln k = ln A − (Ea/R) × (1/T)

பள்ளியில் படித்த நேர்கோட்டுச் சமன்பாட்டின் அச்சு இது. நெடுக்கு அச்சில் ln k, கிடை அச்சில் 1/T. அப்படிக் குறித்தால் புள்ளிகள் ஒரு நேர்கோட்டில் விழ வேண்டும். கோட்டின் சாய்வு −Ea/R. R என்பது வாயு மாறிலி, 8.314. சாய்வை அளந்து, எதிர்க்குறியை நீக்கி, 8.314-ஆல் பெருக்கினால் கிளர்வு ஆற்றல் கைக்கு வந்துவிடும்.

படிக்கத் தொடங்குபவரைத் தடுமாற வைப்பது கிடை அச்சு. அது வெப்பநிலை அன்று, வெப்பநிலையின் தலைகீழ். ஆகவே சூடு இடப்பக்கம், குளிர் வலப்பக்கம். வலப்பக்கம் போகப் போகக் கோடு கீழிறங்குவதன் பொருள், குளிரக் குளிர வினை மந்தமாகிறது என்பதே. T கட்டாயம் கெல்வினில் இருக்க வேண்டும். செல்சியஸைப் போட்டால் டேனியல்ஸின் முதல் அளவீடே நின்றுவிடும். 0-ஆல் வகுக்க முடியாது. மற்ற எண்களை வைத்து ஓட்டினாலும் விடை 2 கிலோஜூலைக்கூட எட்டாது.

இனி வரைபடத் தாளுக்கு வருவோம். 1/T மிகச் சிறிய எண் என்பதால் அதை 1000-ஆல் பெருக்கிக் குறிப்பது வழக்கம். 65 டிகிரி, அதாவது 338 கெல்வின், 2.96 என்ற இடத்தில் வரும். அங்கே ln k −5.33. 0 டிகிரி, அதாவது 273 கெல்வின், 3.66-இல் வரும்; அங்கே −14.06. நடுவில் நான்கு புள்ளிகள். அளவுகோலை வைத்துப் பார்த்தால் ஆறும் அநேகமாக ஒரே வரிசையில் நிற்கின்றன. சிறிது மேலும் கீழுமாக விலகும் புள்ளிகளுக்கு நடுவே ஒரு கோடு போட்டுக்கொள்ள வேண்டும்.

அடுத்து, அந்தக் கோட்டின் மீதே, ஒன்றுக்கொன்று வெகு தொலைவில் இரண்டு இடங்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 3.00 என்ற இடத்தில் கோடு −5.85-ஐக் காட்டுகிறது, 3.60-இல் −13.30. இறக்கம் 7.45, அதற்கான கிடைத் தொலைவு 0.60. ஆனால் அச்சில் 1000 மடங்காக்கி வைத்திருந்தது நினைவிருக்கட்டும். உண்மையான தொலைவு 0.00060. வகுத்தால் சுமார் 12,400 கெல்வின். அதை 8.314-ஆல் பெருக்கினால் ஒரு மோலுக்கு 103 கிலோஜூல்.

கோட்டைப் போடாமல், அடுத்தடுத்த இரண்டு அளவீடுகளை மட்டும் எடுத்துக் கணக்குப் போட்டால் என்ன? டேனியல்ஸின் எண்களிலேயே சோதிக்கலாம். 45, 55 டிகிரி இரண்டையும் எடுத்தால் 96 கிலோஜூல் வருகிறது. 55, 65 இரண்டையும் எடுத்தால் 108-ஐத் தாண்டுகிறது. பாத்திரமும் வாயுவும் அளந்த கைகளும் ஒன்றுதான். குற்றம் 55 டிகிரிப் புள்ளியின் சிறு விலகல்; பத்து டிகிரி இடைவெளியில் அது பூதாகரமாகிறது. வெப்பமானியில் அரை டிகிரி பிசகினாலே பத்து டிகிரி இடைவெளியில் ஐந்து விழுக்காடு பிழை வந்துவிடும். 65 டிகிரி அகலத்தில் அதே பிசகு ஒரு விழுக்காட்டுக்கும் கீழே அடங்கிவிடுகிறது. ஆறு புள்ளிகளுக்கும் பொதுவாகப் போட்ட கோட்டுக்கு மதிப்பு அதனால்தான்.

இன்னொரு வழுக்கல் மடக்கையில். பழைய நூல்களில் 10-ஐ அடிமானமாகக் கொண்ட மடக்கையைக் குறித்திருப்பார்கள். அந்தச் சாய்வை 2.303-ஆல் பெருக்காமல் விட்டால் 103 கிலோஜூல் 45 ஆகச் சுருங்கிவிடும். நெடுக்கு அச்சின் தலைப்பைப் படித்துவிட்டுத்தான் அளவுகோலை எடுக்க வேண்டும்.

கோட்டை இடப்பக்கம் நீட்டி 1/T பூச்சியமாகும் இடத்தைத் தொட்டால் ln A கிடைக்கும். இங்கே அது 31-ஐ ஒட்டி வருகிறது. ஆனால் அளவீடுகள் 2.96-லிருந்து 3.66 வரை மட்டுமே உள்ளன. பூச்சியம் அவற்றுக்கு வெகு தொலைவில் இருக்கிறது. சாய்வு மூன்று விழுக்காடு மாறினாலே A ஏறக்குறைய மூன்று மடங்கு மாறிவிடும். கிளர்வு ஆற்றலை நம்பும் அளவுக்கு A-ஐ நம்புவது கூடாது.

சில சமயம் புள்ளிகள் நேர்கோட்டில் விழ மறுக்கும். அப்போது வலிந்து ஒரு கோட்டை இழுப்பது தவறு. வளைவே ஒரு செய்தி. நுண்துளை நிறைந்த வினையூக்கி உருண்டைகள் இதற்கு நல்ல சாட்சி. வெப்பம் குறைவாக இருக்கையில் வாயு துளைகளின் உள்வரை சாவகாசமாகப் போய்ச் சேர்கிறது, வரைபடமும் உண்மையான கிளர்வு ஆற்றலைக் காட்டுகிறது. சூடேறியதும் வினை மிக வேகமாகி, வாயு உள்ளே போவதற்குள் வாயிலிலேயே தீர்ந்துவிடுகிறது. இடப்பக்கம் சாய்வு ஏறத்தாழப் பாதியாகத் தணியும். அந்தப் பகுதியை மட்டும் அளந்தவர் பாதி எண்ணை உண்மை என்று எழுதிவிடுவார். உருண்டையை நொறுக்கிச் சிறு துகள்களாக்கி மறுபடி அளந்தால் குட்டு வெளிப்படும்: சாய்வு கூடினால், தடையாக நின்றது துளைதான்.

பென்டாக்சைடின் கோட்டில் அப்படி வளைவு ஏதுமில்லை. அதனால் அளக்காத வெப்பநிலையையும் அதனிடம் கேட்கலாம். 15 டிகிரி, அதாவது 288 கெல்வின், அச்சில் 3.47-இல் வருகிறது. அங்கிருந்து நேரே கோட்டுக்குப் போனால் ln k −11.7-ஐ ஒட்டியிருக்கும். பாதி சிதைய ஏறக்குறைய 23 மணி நேரம்.