பந்தி முடிந்ததும் கூலி

கல்யாண மண்டபத்தில் ஒரே நிறச் சட்டை போட்டு, வாளியும் கரண்டியுமாக ஓடி ஓடிப் பரிமாறும் பையன்களைக் கேட்டரிங்காரரின் ஆட்கள் என்றே நாம் நினைக்கிறோம். பெரும்பாலும் அப்படி இல்லை. சமையல் மாஸ்டரும் அவரோடு அடுப்படியில் நிற்கும் சிலரும்தான் கேட்டரிங்காரரிடம் நிரந்தரமாக இருப்பவர்கள். பரிமாறுபவர்கள், தண்ணீர் வைப்பவர்கள், இலை எடுப்பவர்கள், பாத்திரம் கழுவும் பெண்கள் ஆகியோரை அழைத்து வருபவர் வேறொருவர். தொழிலில் அவரை ஏஜென்ட் என்பார்கள்.

இப்படி ஒருவர் தேவைப்படுவதற்குப் பஞ்சாங்கம்தான் காரணம். வைகாசியில் ஒரு நல்ல முகூர்த்தத்தன்று மூன்று மண்டபங்களில் வேலை இருக்கும், நூறு பேர் வேண்டும். அடுத்த நாள் ஒருவர்கூட வேண்டாம். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணமே இல்லை. அதனால் எந்தக் கேட்டரிங்காரரும் பரிமாறுபவர்களை மாதச் சம்பளத்துக்கு வைத்துக்கொள்வதில்லை. கல்லூரி மாணவர்கள், வேறு வேலைக்குப் போய்க்கொண்டே முகூர்த்த நாளில் மட்டும் வருபவர்கள், வடமாநிலத்து இளைஞர்கள் என்று கலந்த ஒரு கூட்டத்தைத் தேவையான நாளில் தேவையான எண்ணிக்கையில் கொண்டுவந்து நிறுத்துவது ஏஜென்டின் பொறுப்பு.

ஆள் கிடைத்தால் மட்டும் போதாது, பழகிய ஆளாக இருக்க வேண்டும். இலையின் நுனி சாப்பிடுபவரின் இடப்பக்கம் வர வேண்டும் என்பதில் தொடங்குகிறது பயிற்சி. உப்பு, ஊறுகாய், இனிப்பு, பொரியல், கூட்டு எல்லாம் வைத்து முடித்த பிறகே சோறு வரும். சாம்பார்காரர் வரிசையின் பாதியைத் தாண்டும்போது ரசம் பின்னால் கிளம்பியிருக்க வேண்டும். புதியவர் சாப்பிடுபவரின் முகத்தைப் பார்த்து "வேணுமா?" என்று கேட்டுக்கொண்டு நிற்பார். பழகியவரின் கண் இலையில்தான் இருக்கும். சோறு காய்ந்து கிடக்கும் இலையைத் தேடிக் குழம்போடு போவார். முதல் சுற்றிலேயே சோற்றை அள்ளிக் கொட்டிவிட மாட்டார். பழகாத ஐந்து பேர் ஒரு பந்தியில் இருந்தால், வீணாகும் சோறும் குறைப்படும் பாயசமும் கடைசிப் பந்தியில் தெரிந்துவிடும்.

இலைச் சாப்பாட்டுக்குப் பதினைந்து இலைக்கு ஒருவராவது வேண்டும். ஒரே நேரத்தில் 300 பேர் உட்காரும் கூடம் என்றால் பரிமாற இருபது பேர், தண்ணீருக்கும் இலை எடுக்கவும் எட்டுப் பேர், மேற்பார்வைக்கு இருவர். ஆக முப்பது பேர். இந்தக் கூடத்தையே எடுத்துக்கொண்டு கணக்கைப் பார்க்கலாம். ஊருக்கு ஊர் கூலி மாறும், எனவே கீழே வரும் தொகைகளை ஓர் எடுத்துக்காட்டாகக் கொள்ளுங்கள்.

மாலை வரவேற்பு, மறுநாள் காலை டிபன், முகூர்த்தச் சாப்பாடு எல்லாம் சேர்த்து ஆளுக்கு 1,200 ரூபாய் கூலி. கேட்டரிங்காரர் ஏஜென்டுக்குத் தருவதாகச் சொன்னது ஆளுக்கு 1,400. மொத்த பில் 42,000. அதில் கூலிக்கு 36,000 போகிறது. வேன் வாடகை 3,000, சட்டை சலவை, டீ, சில்லறைச் செலவு 1,000. மிஞ்சுவது 2,000 ரூபாய். முன்பணமாக வந்தது 15,000. மீதி 27,000 ரூபாய் "ரெண்டு நாள்ல தர்றேன்" என்ற சொல்லாக நிற்கிறது.

பையன்களிடம் அந்தச் சொல் செல்லாது. பந்தி முடிந்து வேன் ஏறும் முன் கூலி கையில் வர வேண்டும், அல்லது ஜிபே சத்தம் கேட்க வேண்டும். எனவே ஏஜென்ட் தன் கையிலிருந்து 25,000 ரூபாய் போட்டாக வேண்டும். அதை மூன்று வட்டிக்கு வாங்கினால் மாதம் 750 ரூபாய். பாக்கி இரண்டு மாதம் இழுத்தால் 2,000 ரூபாய் லாபத்தில் 1,500 வட்டிக்கே போய்விடும். மூன்றாவது மாதம் கைநட்டம். ஒரே கேட்டரிங்காரரிடம் நான்கு முகூர்த்தம் இப்படி நின்றால் லட்ச ரூபாய்க்கு மேல் முடங்கிவிடும்.

அன்றே கொடுக்காவிட்டால் என்ன ஆகும்? அடுத்த முகூர்த்தத்தில் ஆள் வராது. ஆள் நம்பகம் என்று எல்லோரும் குறைப்படும் விஷயம் இங்கேதான் முடிச்சுப் போட்டிருக்கிறது. பெரிய முகூர்த்த நாளில் எல்லா ஏஜென்ட்டுகளும் அதே பையன்களைத்தான் கூப்பிடுகிறார்கள். ஒருவன் இரண்டு பேரிடம் "வர்றேண்ணா" என்று சொல்லிவிட்டு, காலையில் நூறு ரூபாய் கூடக் கொடுப்பவரிடம் போவது நடக்கிறது. அனுபவமுள்ள ஏஜென்ட் முப்பது பேருக்கு முப்பத்துமூன்று பேரிடம் சொல்லி வைப்பார், முந்தின இரவு ஒவ்வொருவரையும் மறுபடி அழைப்பார், வேனில் ஏறிய தலைகளை எண்ணிய பிறகே கேட்டரிங்காரருக்கு எண்ணிக்கை சொல்வார். ஆனால் இந்த ஏற்பாடுகளைவிட, "இவர்கிட்ட போனா அன்னைக்கே காசு" என்ற பெயர்தான் ஆளை நிறுத்துகிறது. கூலியை இழுத்தடித்துவிட்டுப் பையன்களுக்குப் பொறுப்பில்லை என்று திட்டுவது நியாயமே இல்லை.

கூலித் தகராறு பெரும்பாலும் வேளைக் கணக்கில் எழுகிறது. வரவேற்புப் பந்தி நள்ளிரவுவரை நீண்டு, மண்டபத் தரையிலேயே படுத்து, விடிகாலை நாலரைக்கு எழுந்து டிபனுக்கு நிற்பவருக்கு அது எத்தனை வேளை? இரண்டா, மூன்றா? இதை முன்கூட்டியே பேசாத ஏஜென்ட் அதிகாலையில் சண்டையைத்தான் சந்திப்பார்.

கேட்டரிங்காரர் எல்லோரும் ஏமாற்றுக்காரர்கள் என்று சொல்லிவிட முடியாது. கல்யாண வீட்டாரோடு அவருக்கு இலைக் கணக்கில் இழுபறி இருக்கும். வந்த பணம் அடுத்த கல்யாணத்தின் மளிகைக்கும் காய்கறிக்கும் போய்விடும். நாளைக்குச் சரக்கு வேண்டுமே என்று மளிகைக்காரருக்கு முதலில் கொடுப்பார், மாஸ்டருக்கு அடுத்து, ஏஜென்டுக்குக் கடைசியில். இதில் மிக ஆபத்தானது ஆனி மாதப் பாக்கி. ஆடி பிறந்துவிட்டால் கேட்டரிங்காரருக்கே கல்யாண வரவு இல்லை. ஆனியில் நின்ற பணம் ஆவணியில்தான் அசையும். கார்த்திகைப் பாக்கிக்கும் மார்கழியில் இதே கதி. ஆனி, கார்த்திகைக் கடைசி முகூர்த்தங்களுக்குப் பழைய பாக்கியைத் தீர்த்த பிறகே ஆள் அனுப்புவது என்பதை ஏஜென்ட் கறாராகக் கடைப்பிடிக்க வேண்டும்.

சட்டம் இங்கே கைகொடுக்கிறது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பு, தினக்கூலியை அன்றைய வேலை முடிந்ததும் கொடுத்துவிட வேண்டும் என்கிறது. ஏஜென்டின் பாக்கிக்கு 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம் இருக்கிறது. உத்யம் பதிவு இணையத்தில் இலவசம். அதைச் செய்துகொண்ட குறு, சிறு தொழில்முனைவோருக்கு, எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் அதிகபட்சம் 45 நாளில் பணம் தர வேண்டும். ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு வட்டி, மாதாமாதம் கூட்டுவட்டியாக ஏறும். இணையத்திலேயே புகார் தரலாம். ஆனால் தேதி, ஆள் எண்ணிக்கை, வேளை, தொகை நான்கும் எழுத்தில் இருந்தால்தான் புகார் நிற்கும். வாய்ப்பேச்சில் ஒத்துக்கொண்டதைக் கேட்டரிங்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி "சரி" என்ற பதிலை வாங்கி வைப்பது குறைந்தபட்சப் பாதுகாப்பு.

கல்யாணம் வைத்திருக்கும் வீட்டாருக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. கேட்டரிங் பேசும்போது இலைக்கு எவ்வளவு, எத்தனை வகை என்று கேட்பதோடு, பரிமாறும் ஆட்களின் கூலி அன்றே தீர்க்கப்படுமா என்றும் கேளுங்கள். பாக்கித் தொகையில் அந்தப் பங்கையாவது முகூர்த்தத்தன்று மண்டபத்தை விட்டுக் கிளம்பும் முன் கொடுத்துவிடுங்கள்.