தமிழ் தெரியாத அச்சகத்துக்குப் போகும் அழைப்பிதழ்

புனேயில் இருக்கும் சில தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து பொங்கல் விழா நடத்துகின்றன என்று வைத்துக்கொள்வோம். அழைப்பிதழைச் சென்னையிலிருந்து ஓர் உறவினர் வடிவமைத்து அனுப்புகிறார். அச்சடிப்பது வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள ஓர் ஆஃப்செட் அச்சகம். அங்கே கணினி முன் இருப்பவருக்கு மராத்தி தெரியும், இந்தி தெரியும், தமிழ் தெரியாது. தலைப்பில் உள்ள ‘பொங்கல்’ என்ற சொல்லில் ‘ப’ முதலில் நின்று, கொம்பும் காலும் அதற்குப் பின்னால் ஒட்டாமல் விழுந்து கிடந்தால் அவர் கண்ணில் அது உறுத்தவே உறுத்தாது. எல்லாம் ஒரே வட்டமும் சுழியுமாகத்தான் தெரியும். அப்படியே பிளேட் போட்டுவிடுவார்.

மதுரையிலோ சிவகாசியிலோ என்றால் கதை வேறு. கோப்பைத் திறந்தவுடனேயே, “எழுத்து உடையுதுண்ணே, வேற ஃபைல் அனுப்புங்க” என்று போன் வந்துவிடும். அந்தக் கண் இல்லாத இடத்துக்குக் கோப்பை அனுப்பும்போது, எழுத்தை எப்படி வரைவது என்ற முடிவில் ஒரு துளியைக்கூட அங்கிருக்கும் கணினியிடம் விட்டுவைக்கக் கூடாது. எழுத்துருவை உள்ளே பதித்து அனுப்புவதும், எழுத்தை வெறும் கோட்டு வடிவமாக மாற்றி அனுப்புவதும் இதற்காகத்தான்.

எழுத்து உடைவதில் இரண்டு வகை உண்டு. முதல் வகை, அந்தக் கணினியில் எழுத்துருவே இல்லாதது. வடிவமைப்பாளர் பாமினி போன்ற பழைய எழுத்துருவைப் பயன்படுத்தியிருந்தால், கோப்புக்குள் இருப்பது உண்மையில் ஆங்கில எழுத்துகள்தான். பாமினி அவற்றுக்குத் தமிழ் உருவம் கொடுக்கிறது. பாமினி இல்லாத கணினியில் ‘பொங்கல்’ என்பது nghq;fy; என்று தெரியும். இது அசிங்கமான பிழை. ஆனால் தமிழ் தெரியாதவருக்கும் ஏதோ கோளாறு என்று புரிந்துவிடும் என்பதால் ஆபத்து குறைவு.

இரண்டாவது வகைதான் ஏமாற்றும். யூனிகோடில் ‘பொ’ என்பது முதலில் ‘ப’, அடுத்து ஒகரக் குறி என்ற வரிசையில் சேமிக்கப்படுகிறது. திரையில் காட்டும்போது, குறியை இரண்டாகப் பிரித்து, கொம்பை எடுத்து ‘ப’வுக்கு முன்னால் வைத்து, காலைப் பின்னால் நிறுத்துவது மென்பொருளின் வேலை. ‘கெ’, ‘கே’, ‘கை’ எல்லாவற்றுக்கும் இதே இடமாற்றம் நடக்க வேண்டும். இந்த வேலை தெரியாத மென்பொருளோ, தெரிந்தும் அந்த வசதி முடுக்கப்படாத மென்பொருளோ குறியைச் சேமித்த வரிசையிலேயே கொட்டிவிடும். சில நேரம் குறியோடு புள்ளிகளால் ஆன ஒரு வட்டமும் வரும். எழுத்துரு சரியாகவே நிறுவப்பட்டிருந்தாலும் இது நடக்கும். பாமினியில் கொம்பை முதலிலேயே தட்டிவிடுவதால் இந்தச் சிக்கலே கிடையாது. யூனிகோடு தெரியாத பேஜ்மேக்கர் காலத்து அச்சகங்கள் பழைய எழுத்துருக்களை எளிதில் கைவிடாததற்கு இது ஒரு காரணம். அதில் அவர்களைக் குறை சொல்வதற்கும் இல்லை.

இனி அனுப்பும் வழிக்கு வருவோம். பிடிஎஃப் கோப்பு உருவாகும்போதே இந்த இடமாற்றம் முடிந்துவிடுகிறது. எந்த உருவம், பக்கத்தில் எந்த இடத்தில் என்பதுதான் அதில் பதிவாகிறது. கூடவே, பயன்படுத்திய எழுத்து உருவங்கள் மட்டும் எழுத்துருவிலிருந்து எடுத்து உள்ளே வைக்கப்படுகின்றன. அதனால் சரியாகப் பதித்த பிடிஎஃபை நேரடியாக அச்சிட்டால் எந்த ஊரிலும் எழுத்து ஒழுங்காகவே வரும். அதிலிருந்து ஒரு வரியை நகலெடுத்து வாட்ஸப்பில் ஒட்டினால் எழுத்துகள் தாறுமாறாக வருவதைப் பார்த்துச் சிலர் பதறுவார்கள். அச்சுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

பதிந்ததா என்று பார்ப்பது எளிது. அடோபி ரீடரில் கோப்பைத் திறந்து Ctrl+D அழுத்தி Fonts பகுதிக்குப் போனால், ஒவ்வோர் எழுத்துருவின் பெயருக்குப் பக்கத்திலும் Embedded Subset என்றோ Embedded என்றோ இருக்க வேண்டும். இந்தப் பட்டியலை இன்னொரு காரணத்துக்காகவும் நிதானமாகப் படிக்கலாம். அழைப்பிதழில் பயன்படுத்தியது நோட்டோ மட்டும் என்றால், பட்டியலில் Nirmala UI ஏன் எட்டிப்பார்க்கிறது? தேர்ந்தெடுத்த எழுத்துருவில் இல்லாத ஏதோ ஓர் எழுத்துக்கு, மென்பொருள் தானாகவே வேறு எழுத்துருவைக் கடன் வாங்கியிருக்கிறது. பெரும்பாலும் குற்றவாளி ‘ஸ்ரீ’யாகவோ, 2010-இல் வந்த ரூபாய்க் குறியாகவோ இருக்கும்.

பிடிஎஃபில் பதித்தாயிற்று, பிறகென்ன கவலை என்று தோன்றும். கவலை இருக்கிறது. சிறு அச்சகங்களில் பல, வந்த கோப்பை அப்படியே அச்சுக்கு அனுப்புவதில்லை. ஒரு பெரிய தாளில் நான்கு அழைப்பிதழ் அடுக்க வேண்டும், ஓரத்தில் வெட்டுக்கு இடம் விட வேண்டும், வண்ணத்தைச் சரிசெய்ய வேண்டும் என்று கோரல் ட்ராவிலோ இல்லஸ்ட்ரேட்டரிலோ அதைத் திறக்கிறார்கள். பிடிஎஃபைப் பார்ப்பது வேறு, திருத்தும் மென்பொருளில் திறப்பது வேறு. திறக்கும்போது மென்பொருள் எழுத்துகளை மறுபடி எழுத்தாகவே வாசிக்க முயல்கிறது; உள்ளே பதிந்த எழுத்துருவை விட்டுவிட்டுக் கணினியில் இருக்கும் ஒன்றைத் தேடுகிறது; முடிந்துபோன இடமாற்றத்தை மறுபடி தொடங்குகிறது. உடைவது இங்கேதான். கோரல் ட்ராவில் பிடிஎஃபை இறக்கும்போது எழுத்தை Text ஆகக் கொண்டுவரவா, Curves ஆகக் கொண்டுவரவா என்று ஒரு கேள்வி வரும். Curves என்று சொன்னால் பிழைத்தோம். அதை யார் அழுத்துவார் என்பது நம் கையில் இல்லை.

ஆகவே ஒரு பக்க அழைப்பிதழ், ஃபிளெக்ஸ், ஸ்டிக்கர், விசிட்டிங் கார்டு போன்றவற்றை அறிமுகமில்லாத அச்சகத்துக்கு அனுப்புவதென்றால், எழுத்தைக் கோட்டு வடிவமாக மாற்றி அனுப்புவதே நல்லது. அச்சகத்தார் இதைத்தான் ‘கர்வ் பண்ணிக் கொடுங்க’ என்கிறார்கள். மாற்றிய பிறகு ‘ப’ என்பது எழுத்து அல்ல, ஒரு படம். யாரிடம் எந்த எழுத்துரு இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது அசையாது.

ஆனால் அது பிழையையும் அப்படியே உறைய வைத்துவிடும். எனவே மாற்றுவதற்கு முன் ஒரு முறை முழுதாக மெய்ப்புப் பார்த்தாக வேண்டும். புனே அழைப்பிதழில் முதலில் பார்க்க வேண்டியவை ‘பொங்கல்’, ‘கோலம்’, ‘மேடை’, ‘கௌரவ விருந்தினர்’, ‘ஸ்ரீ’ போன்ற சொற்கள். கொம்பு, கால், புள்ளி மூன்றும் இந்த வகைச் சொற்களில் சரியாக இருந்தால் மற்றவை பெரும்பாலும் சரியாக இருக்கும். இல்லஸ்ட்ரேட்டரில் தொடக்கத்திலேயே கொம்பு இடம் மாறியிருந்தால், Preferences பகுதியில் Type என்பதற்குள் Show Indic Options-ஐத் தேர்ந்துவிட்டு, பத்திப் பலகையில் தெற்காசிய மொழிகளுக்கான கம்போசரை எடுக்க வேண்டும். இன்டிசைனில் அதற்கு இணையானது Adobe World-Ready Paragraph Composer. இலவச மென்பொருளான இன்க்ஸ்கேப்பில் இந்தத் தொல்லை இல்லை. தமிழை அது நேராகவே கோக்கும்.

மெய்ப்பு முடிந்ததும் மூலக் கோப்பை வேறு பெயரில் நகலெடுத்து, நகலில் மட்டும் கை வைக்க வேண்டும். கர்வ் செய்த கோப்பில் நேரத்தை ‘மாலை 5’ என்பதிலிருந்து ‘மாலை 6’ என்று மாற்றக்கூட முடியாது. இல்லஸ்ட்ரேட்டரில் எல்லாவற்றையும் தேர்ந்து Ctrl+Shift+O. கோரல் ட்ராவில் Ctrl+Q. இன்க்ஸ்கேப்பில் பிடிஎஃபாகச் சேமிக்கும்போதே Convert text to paths என்று ஒரு தெரிவு உண்டு. பூட்டி வைத்த லேயரில் இருக்கும் எழுத்து இந்தத் தேர்வில் சிக்காது. நன்கொடையாளர் பெயர் வரியைப் பூட்டிய லேயரில் வைத்துவிட்டு மறந்தால், மற்றதெல்லாம் சரியாக வந்து அந்த ஒரு வரி மட்டும் உடையும். அதைவிடத் தர்மசங்கடம் வேறு வேண்டாம். முடிவில் கிடைக்கும் பிடிஎஃபில் மறுபடி Ctrl+D அழுத்தினால் Fonts பட்டியல் காலியாக இருக்க வேண்டும். ஒரு பெயர் மிச்சமிருந்தாலும் எங்கோ ஒரு வரி தப்பியிருக்கிறது.

வடிவமைத்தவர் கைக்கு அகப்படாமல், பதித்த பிடிஎஃப் மட்டும் இருந்தால்? கோஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற இலவசக் கருவி அதையும் மாற்றித் தரும்:

```
gs -o curves.pdf -sDEVICE=pdfwrite -dNoOutputFonts pongal.pdf
```

மாற்றியவுடன் பக்கத்தைப் பல மடங்கு பெரிதாக்கிப் பார்ப்பது நல்லது. விளிம்பு கூர்மையாக இருந்தால் கோட்டு வடிவம். கட்டம் கட்டமாகச் சிதைந்தால் எழுத்து புகைப்படமாக மாறியிருக்கிறது. சிறிய எழுத்துகள் அச்சில் மங்கும்.

இன்னொரு தொல்லை, எழுத்துக்குள் எழுத்து ஏறி நிற்பது. இப்போது இணையத்தில் கிடைக்கும் பல எழுத்துருக்கள் தடிமனை விருப்பம்போல் மாற்றக்கூடியவை. அவற்றில் ஓர் எழுத்து இரண்டு மூன்று துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி அமைந்திருக்கும். எழுத்தாக இருக்கும்வரை அது தெரியாது. கர்வ் செய்து, சுற்றிலும் ஒரு கோடு போட்டாலோ, ஸ்டிக்கர் வெட்டும் இயந்திரத்துக்குக் கொடுத்தாலோ எழுத்தின் நடுவே கோடு ஓடும். சில மென்பொருள்களில் ஏறிய இடம் வெள்ளை ஓட்டையாகவும் மாறும். துண்டுகளை ஒன்றாக்க இல்லஸ்ட்ரேட்டரில் Unite, கோரல் ட்ராவில் Weld, இன்க்ஸ்கேப்பில் Union இருக்கின்றன. கூகுளிலிருந்து எழுத்துருவை இறக்கும்போது கூடவே static என்ற உறை வந்தால், தடிமன் மாறாத அந்தக் கோப்புகளை நிறுவிக்கொள்வது இன்னும் எளிது.

கறுப்பையும் கவனிக்க வேண்டும். எழுத்து படமாகிவிட்டதால், சில அச்சு இயந்திரங்கள் எழுத்துக்குக் காட்டும் தனிச் சலுகையை அதற்குக் காட்டாது. திரை வண்ணத்தில் வைத்த கறுப்பு நான்கு மைகளாகப் பிரிந்து, சிறிய எழுத்தின் ஓரத்தில் நிழல் தட்டும். கறுப்பு மை மட்டும் 100 சதவீதம் என்று முன்கூட்டியே வைத்துவிட்டால் போதும்.

இருநூறு பக்க மலர் என்றால் இந்த வழி வேண்டாம். கோப்பு பெருத்துவிடும், கடைசி நேரத் திருத்தம் நடக்காது, இன்டிசைனில் அடிக்கோடுகளும் பட்டியல் புள்ளிகளும்கூடக் காணாமல் போகலாம். புத்தகம் அடிக்கும் பெரிய அச்சகங்கள் பிடிஎஃபைத் திறந்து கலைப்பதும் குறைவு. அவர்களுக்கு PDF/X-1a அல்லது PDF/X-4 என்ற தரத்தில் சேமித்துக் கொடுக்கலாம். எழுத்துருக்கள் அனைத்தும் உள்ளே பதிந்திருக்க வேண்டும் என்பது அந்தத் தரங்களின் விதி. பதிக்க அனுமதிக்காத எழுத்துருக்களும் உண்டு. அதை வடிவமைப்பைத் தொடங்கும்போதே பார்த்துக்கொள்வது நல்லது. நோட்டோ, முக்தா மலர், கேட்டமரன் போன்ற திறந்த உரிம எழுத்துருக்களில் அந்தத் தடை இல்லை.

புனேக்குப் போகும் மின்னஞ்சலில் கர்வ் செய்த ஒரே பிடிஎஃபும், அழைப்பிதழ் எப்படி வர வேண்டும் என்று காட்டும் ஒரு ஜேபிஜி படமும் போதும். மூலக் கோப்பையும் சேர்த்து அனுப்பினால், எதைத் திறப்பார்கள் என்று சொல்ல முடியாது. படத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லலாம். அதற்குத் தமிழ் தெரிய வேண்டியதில்லை. பிளேட் போடுவதற்கு முன், தாளில் அடுக்கிய நிலையில் உள்ள கோப்பையே பிடிஎஃபாக அனுப்பச் சொல்லிக் கேட்க வேண்டும். நாம் அனுப்பியதன் படத்தையே திருப்பி அனுப்பினால் அது மெய்ப்பு ஆகாது. அடுக்கிய கோப்பு வந்ததும் நான்கு பிரதிகளிலும் தலைப்பையும், நன்கொடையாளர் வரியையும், கடைசியில் உள்ள தொலைபேசி எண்ணையும் பார்த்துவிட்டு, ‘அடிக்கலாம்’ என்று எழுத்தில் பதில் போட்டுவிடலாம்.