வந்தப் பையனும் ஓடாக் குதிரையும்

'வந்த பையன்' என்று எழுத வேண்டிய இடத்தில் 'வந்தப் பையன்' என்று எழுதுகிறவர்கள் நம்மில் ஏராளம். கல்யாணப் பத்திரிகை, சுவரொட்டி, தொலைக்காட்சியின் அடியில் ஓடும் செய்தி என எங்கு பார்த்தாலும் இந்த 'ப்' கண்ணில் படும். தமிழே தெரியாதவர் செய்கிற பிழை இல்லை இது. ஒற்று போட வேண்டும் என்ற கவனம் இருக்கிறவர்தான் இதைச் செய்கிறார். கவனமே இல்லாதவர் எங்கும் ஒற்று போடாமல் விட்டுவிடுவதால், இந்த ஒரு இடத்தில் மட்டும் தப்பித்துக்கொள்கிறார்!

'வந்த' என்பது முடியாத வினை. 'வந்தான்' என்றால் பேச்சு முடிந்தது. 'வந்த' என்று நிறுத்தினால் கேட்பவர் அடுத்த சொல்லுக்குக் காத்திருப்பார். அது பையன், பேருந்து, காய்ச்சல் என ஏதாவது ஒரு பெயராக இருக்கும். பெயரைக் கொண்டு முடிவதால் இதற்குப் பெயரெச்சம் என்று பேர். தொல்காப்பியம் 'செய்யும்', 'செய்த' என்ற இரண்டு வாய்பாடுகளைச் சொல்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் நன்னூல் எழுதிய பவணந்தியார் 'செய்கின்ற' என்பதையும் சேர்த்து மூன்றாக்கினார். நம் பேச்சில் 'செய்கிற' என்று வருவது இந்த மூன்றாவதுதான்.

இந்தச் சின்ன வடிவம் எத்தனை விதமான பெயர்களைத் தாங்கும் என்பதைப் பாருங்கள். 'சமைத்த' என்பதை எடுத்துக்கொள்வோம். சமைத்த அக்கா என்றால் அவள் செய்தவள். சமைத்த பானை கருவி. சமைத்த கொட்டகை இடம். சமைத்த நேரம் காலம். சமைத்த குழம்பு செய்யப்பட்ட பொருள். 'அக்கா சமைத்த சமையல்' என்றால் அந்தச் செயலே பெயராகிவிடுகிறது. இலக்கண நூல்கள் எண்ணி வைத்திருக்கும் ஆறும் இவைதான். பானை சமைக்கவில்லை, அதில் வேறொருவர் சமைத்தார் என்பதை யாரும் விளக்காமலே நமக்குப் புரிகிறது. எனக்கு இந்த வடிவத்தில் மிகவும் பிடித்தது இதுதான்.

மேலே வந்த பானை, கொட்டகை, குழம்பு மூன்றும் வல்லினத்தில் தொடங்குகின்றன. எங்கும் ஒற்று மிகவில்லை. 'சமைத்தக் குழம்பு' என்று ஒன்று கிடையாது. நிகழ்காலமானாலும் இதே கதைதான்: எழுதுகிற கை, ஓடுகின்ற பேருந்து. பெரிய, சிறிய, நல்ல, உள்ள, அழகான போன்றவையும் இந்தக் குடும்பம்தான். காலம் வெளிப்படையாகத் தெரியாத இவற்றைக் குறிப்புப் பெயரெச்சம் என்பார்கள். பெரிய கடை, நல்ல தம்பி, சரியான பதில் என்று இயல்பாக எழுத வேண்டியதுதான்.

அப்படியானால் 'வந்தப் பையன்' எங்கிருந்து வந்தான்? பக்கத்து வீட்டிலிருந்து. 'அந்தப் பையன்', 'இந்தக் கடை', 'எந்தத் தெரு' என்று எழுதிப் பழகிய கை, ஓசையில் ஒட்டிவரும் 'வந்த', 'நடந்த', 'கடந்த' என்ற சொற்களுக்குப் பின்னும் ஒற்றை இழுத்துவந்துவிடுகிறது. 'அப்போது', 'இப்போது' பழக்கத்தில் 'வந்தப்போது', 'சொன்னப்போது' என்று எழுதுவதும் இப்படித்தான். 'வந்தபோது', 'சொன்னபோது' என்பவையே சரி.

இன்னொரு காரணமும் உண்டு. 'எழுதத் தெரியும்', 'பார்க்கப் போனேன்' ஆகியவற்றில் முதற்சொல் 'அ' என்ற ஓசையில்தான் முடிகிறது, அங்கே ஒற்று மிகுகிறது. 'எழுதிய தாள்', 'பார்த்த படம்' ஆகியவையும் 'அ'வில் முடிகின்றன, இங்கே மிகுவதில்லை. முன்னவை வினையைக் கொண்டு முடியும் வினையெச்சங்கள். ஓசையை மட்டும் பார்த்தால் இரண்டையும் பிரிக்க முடியாது.

பிரிக்க ஓர் எளிய வழி இருக்கிறது. சந்தேகத்துக்குரிய சொல்லோடு 'வர்' சேர்த்துப் பாருங்கள். வந்தவர், எழுதியவர், படிக்கிறவர், உள்ளவர், பெரியவர், அழகானவர் என்று பொருளுள்ள சொல் கிடைத்தால் அது பெயரெச்சம், ஒற்று வேண்டாம். 'அந்தவர்', 'எழுதவர்', 'அழகாகவர்' என்று உளறலாக முடிந்தால் அது பெயரெச்சம் இல்லை. 'படிக்கும்' போன்ற எதிர்காலச் சொல் 'ம்' என்ற மெய்யிலேயே முடிவதால் அதில் இந்தக் குழப்பம் எழாது. ஒரு எச்சரிக்கை: 'வர்' சேராத சொல்லுக்கெல்லாம் பின்னால் ஒற்று போட வேண்டும் என்று முடிவுகட்டிவிடக் கூடாது. 'பல', 'சில' இரண்டும் பெயரெச்சம் இல்லை, ஆனாலும் 'பல கடைகள்', 'சில பெண்கள்' என்றுதான் எழுதுகிறோம்.

சில சொற்களில் ஒற்றுப்பிழை பொருளையே புரட்டிவிடும். 'தெருவில் உள்ளக் கோயில்' என்றால் உள்ளமாகிய கோயில் தெருவுக்கு வந்துவிட்டது என்று ஆகும். 'நட்ட செடி' தோட்டத்தில் நட்டது. 'நட்டச் செடி' என்றால் நட்டம் தந்த செடி. 'ஏற்ற' இன்னும் சுவையானது. 'அவர் ஏற்ற பொறுப்பு' என்பதில் அது பெயரெச்சம், ஒற்று இல்லை. 'விளக்கு ஏற்றப் போனார்' என்பதில் வினையெச்சம், ஒற்று வேண்டும். 'ஏற்றத்தாழ்வு' என்பதில் 'ஏற்றம்' என்ற பெயர் தன் 'ம்'மை இழந்து நிற்கிறது, அங்கும் ஒற்று வேண்டும். எழுத்துகள் ஒன்றே, வேலை மூன்று. இங்கே 'வர்' சோதனை மட்டும் போதாது, வாக்கியத்தின் பொருளையும் பார்க்க வேண்டும்.

ஒரு சங்கத்தின் அறிவிப்பு இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்: 'நேற்று நடந்தக் கூட்டத்தில் எடுக்கப்பட்டத் தீர்மானப்படி, கடைவீதியில் உள்ளப் பெரியக் கடைகள் பத்து மணிக்குள் மூடப்பட வேண்டும். மீறியக் கடைகளைப் பற்றியத் தகவலை உறுப்பினர்கள் எழுதி கொடுக்கலாம்.' நடந்தவர், எடுக்கப்பட்டவர், உள்ளவர், பெரியவர், மீறியவர் எல்லாம் பொருளோடு வருகின்றன. ஆகவே அந்த ஐந்து ஒற்றுகளும் போக வேண்டும். 'பற்றிய' கொஞ்சம் தயங்க வைக்கும். 'வர்' சேர்த்தால் பற்றிக்கொண்டவர் நினைவுக்கு வருவார். வடிவம் அதேதான், எனவே 'பற்றிய தகவல்' என்றே எழுத வேண்டும். ஆனால் 'பற்றிப் பேசினார்' என்னும்போது ஒற்று வேண்டும், அங்கே 'பற்றி' பேச்சைத் தழுவி நிற்கிறது. கடைசியில் ஒரு வேடிக்கை. வேண்டாத ஆறு இடங்களில் ஒற்று போட்டவர், வேண்டிய ஓர் இடத்தில் விட்டுவிட்டார். 'எழுதி' வினையெச்சம், 'எழுதிக் கொடுக்கலாம்' என்பதே சரி. மெய்ப்புப் பார்க்கிறவர்கள் இந்த இரண்டு பிழைகளையும் ஒரே தாளில் அடிக்கடி பார்த்திருப்பார்கள்.

பெயரெச்சத்தில் ஒற்று மிகும் இடம் ஒன்று உண்டு. 'ஓடாத குதிரை' என்ற எதிர்மறையில் மிகாது. ஆனால் 'ஓடாத' என்பதன் கடைசி 'த' உதிர்ந்து 'ஓடா' என்று நின்றால் 'ஓடாக் குதிரை' ஆகிவிடும். அழியாத புகழ், அழியாப் புகழ். தீராத பசி, தீராப் பசி. இதை ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம் என்று பள்ளியில் மனப்பாடம் செய்திருப்போம். ஆனால் 'அழியாதப் புகழ்' என்று இரண்டையும் கலந்து எழுதுவதை அஞ்சலிச் சுவரொட்டிகளில் இன்றும் பார்க்கலாம். 'த'வை வைத்துக்கொண்டால் 'ப்' கூடாது, 'த'வை விட்டால் 'ப்' வேண்டும். இங்கேயும் பழைய சோதனை கைகொடுக்கிறது: 'அழியாதவர்' என்று சொல்ல முடிகிறது, 'அழியாவர்' என்று சொல்ல வாய் வருவதில்லை.