அயல்மொழி வாசல் – 14: நாற்பது சொல்லில் ஒரு வேண்டுகோள்

சென்ற வாரம் ஜெர்மன் பி1 தேர்வின் பேச்சுப் பகுதியைப் பார்த்தோம். இந்த வாரம் எழுத்து. அதிலும், தேர்வு நெருங்கும்போது மாணவர்கள் அவசர அவசரமாக எழுதி அனுப்புகிற ஒரு சின்னக் கடிதத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்: ‘என் எழுத்தைக் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள்’ என்று ஆசிரியரைக் கேட்கும் மின்னஞ்சல்.

கொதே நிலையம் நடத்தும் பி1 தேர்வில் எழுத்துக்கு 60 நிமிடம், மூன்று வேலைகள். நண்பருக்கு 80 சொற்களில் ஒரு மின்னஞ்சல், ஒரு பொதுவான விஷயத்தில் உங்கள் கருத்து 80 சொற்களில், கடைசியாக சுமார் 40 சொற்களில் மரியாதையான ஒரு சிறு கடிதம். மதிப்பெண் முறையே 40, 40, 20. மொத்தத்தில் 60 வாங்கினால் அந்தப் பகுதியில் தேர்ச்சி. நிலையம் வெளியிட்டுள்ள மாதிரித் தாளில் அந்த மூன்றாவது கடிதம் வகுப்பு ஆசிரியைக்குத்தான் எழுதப்படுகிறது. அவர் அழைத்த சந்திப்புக்கு வர முடியவில்லை என்று மன்னிப்புக் கேட்க வேண்டும். ஆக, ஆசிரியருக்கு ஜெர்மனில் எழுதும் வேண்டுகோளே தேர்வுக்கு ஒரு பயிற்சி. அதை ஆங்கிலத்தில் எழுதி அனுப்புகிறவர்கள் கையில் வந்த பயிற்சியை நழுவ விடுகிறார்கள் என்றே எனக்குப் படுகிறது.

என் வகுப்பில் திருநெல்வேலியிலிருந்து வந்து படிக்கும் ஒரு செவிலியர் இருந்தார். ஜெர்மனியில் செவிலியர் பணிக்குப் பொதுவாக பி2 கேட்கிறார்கள். அவருக்கு பி1 அதற்கு முந்தைய படி. தேர்வுக்கு ஒரு வாரம் இருக்கும்போது அவரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. ‘லீபெ மேடம்’ என்று தொடக்கம். அடுத்த வாரம் தேர்வு, நீங்கள் என் எழுத்தைத் திருத்த வேண்டும் என்று விரும்புகிறேன், சீக்கிரம் அனுப்புங்கள், நன்றி. அவ்வளவுதான். கூடவே ஆறு கட்டுரைகள் இணைப்பில்.

இலக்கணப் பிழை அதில் அதிகமில்லை. ஆனால் அதை வைத்து எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. ஆறில் எதைப் பார்ப்பது? எழுத்துப்பிழையையா, வாக்கிய அமைப்பையா, கேட்டதை எழுதியிருக்கிறாரா என்பதையா? இப்படிப் பொதுவாகக் கேட்டால் ஆசிரியர் கண்ணில் பட்டதையெல்லாம் சிவப்பில் வட்டமிட்டு அனுப்புவார். ஒரு வாரத்தில் ஐம்பது சிவப்பு வட்டங்களை யாராலும் சரிசெய்ய முடியாது.

தேர்வாளர்கள் எப்படிப் பார்க்கிறார்கள் என்பது தெரிந்தால் கேள்வி தானாகவே கூர்மையாகும். ஒவ்வொரு விடைத்தாளையும் இருவர் தனித்தனியாகத் திருத்துகிறார்கள். அவர்கள் பார்ப்பது நான்கு: கேட்டதைச் செய்திருக்கிறாரா, வாக்கியங்கள் ஒன்றோடொன்று கோத்து வருகின்றனவா, சொல்வளம், இலக்கணம். இதில் முதலாவதுக்குத்தான் கூடுதல் கூர்மை. கேட்டதைச் செய்யவில்லை என்று அதில் பூஜ்யம் விழுந்தால், மற்ற மூன்றும் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அந்த வேலைக்கு மொத்தமும் பூஜ்யம். மனப்பாடம் செய்த கடிதத்தை அப்படியே இறக்கிவைப்பவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

அந்தச் செவிலியரைக் கூப்பிட்டு, “ஆறையும் வேண்டாம்மா, எதில் பயமோ அதை மட்டும் அனுப்பு. என்ன பயம்னும் எழுது” என்றேன்.

“எல்லாத்துலயும் பயமாத்தான் இருக்கு மேடம்” என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, “‘வைல்’ போட்டு எழுதினா வினைச்சொல்லை எங்க வைக்கிறதுன்னு குழம்பிடுது” என்றார்.

இதுதான் எனக்கு வேண்டியிருந்தது. ‘வைல்’ என்பது காரணம் சொல்லும் இணைப்புச் சொல். அது வந்துவிட்டால் அந்தத் துணைவாக்கியத்தில் வினைமுற்று கடைசிக்குப் போய்விடும். தமிழில் வினை கடைசியில் வருவது நமக்குப் பழக்கம்தானே. ஆனால் நம் பிள்ளைகள் ஜெர்மனை ஆங்கிலத்தின் வழியாக யோசிப்பதால் வினையை நடுவிலேயே வைத்துவிடுகிறார்கள்.

மறுநாள் இரண்டாவது மின்னஞ்சல் வந்தது. தொடக்கம் ‘ஸேர் கெஏர்ட்டெ ஃப்ராவ்’, அதன்பின் என் பெயர். ‘லீபெ’ என்பது நெருங்கியவர்களுக்கு. முறையான கடிதத்துக்கு இதுதான் பொருத்தம். பெயருக்குப் பின் காற்புள்ளி போட்டு, அடுத்த வரியைச் சின்ன எழுத்தில் தொடங்கியிருந்தார். ஆங்கிலப் பழக்கத்தில் பெரிய எழுத்துப் போடுவது பி1 மாணவர்களிடம் நான் அடிக்கடி பார்க்கும் பிழை. உள்ளே நான்கே வாக்கியங்கள். 14ஆம் தேதி எனக்குத் தேர்வு. எழுத்தில் இன்னும் தடுமாறுகிறேன், ஏனென்றால் துணைவாக்கியத்தில் வினையை அடிக்கடி தவறான இடத்தில் வைக்கிறேன். இணைப்பில் உள்ள ஒரு கடிதத்தை மட்டும் திருத்தித் தர முடியுமா? வியாழக்கிழமை வகுப்பு முடிந்ததும் ஐந்து நிமிடம் வந்து பார்க்கவும் முடியும். முன்கூட்டியே நன்றி சொல்லி, ‘மிட் ஃப்ரொய்ண்ட்லிஷென் க்ரூஸென்’ என்று முடித்திருந்தார். அந்த முடிப்புக்குப் பின் காற்புள்ளி கிடையாது. அதையும் சரியாகவே விட்டிருந்தார். எல்லாம் சேர்த்து ஐம்பது சொல்லுக்குச் சற்று மேல்.

இரண்டு இடங்களை நான் தனியாகக் குறித்துவைத்தேன். முதல் கடிதத்தில் ‘இஷ் வில்’, அதாவது எனக்கு இது வேண்டும் என்ற தொனி. இரண்டாவதில் ‘கொன்டென் ஸீ’, உங்களால் முடியுமா என்ற பணிவான வினைவடிவம். நாம் தமிழில் ‘நீங்கள்’ என்று சொன்னாலே பாதி மரியாதை வந்துவிடுகிறது. ஜெர்மனில் மரியாதைப் பன்மையான ‘ஸீ’ மட்டும் போதாது. கேட்கும்போது வினையும் தணிய வேண்டும். மற்றொன்று, தன் தடுமாற்றத்தைச் சொன்ன அதே வாக்கியத்தில் ‘வைல்’ போட்டு, வினையைக் கடைசியில் சரியாக வைத்திருந்தார். விதி அவருக்குத் தெரிந்துதான் இருந்தது. வேகமாக எழுதும்போதுதான் கைநழுவியது.

இணைப்பில் இருந்தது நண்பருக்கு எழுதும் கடிதம். மாதிரித் தாளில் வரும் சூழல்: உங்கள் பிறந்தநாள் விழாவுக்கு நண்பர் உடல்நலமில்லாமல் வரவில்லை. விழா எப்படி இருந்தது என்று சொல்ல வேண்டும், எந்தப் பரிசு பிடித்தது, ஏன் என்று சொல்ல வேண்டும், சந்திக்க ஒரு யோசனை தர வேண்டும். அவர் கடிதத்தில் விழாவே பெரும்பகுதி. கேக், பாட்டு, யார் யார் வந்தார்கள் என்று அழகாகவே எழுதியிருந்தார். பரிசுக்கு ஒரு வரி. சந்திப்பு யோசனை இல்லவே இல்லை.

அவர் கேட்டது வினையின் இடத்தை. அதில் இரண்டே பிழை. அந்த வாக்கியங்களின் ஓரத்தில் கோடு மட்டும் போட்டேன், திருத்தி எழுதித் தரவில்லை. வியாழக்கிழமை அவரே அவற்றைச் சரிசெய்தார். ஆனால் அவர் கேட்காததுதான் பெரிய ஓட்டை. “மூணு கேட்டிருக்காங்க, நீ ரெண்டுதான் சொல்லியிருக்க” என்றதும் வினாத்தாளைத் திரும்ப எடுத்து விரல் வைத்துப் பார்த்தார். எழுதத் தொடங்குமுன் மூன்று கேள்விக்கும் பக்கத்தில் ஒவ்வொரு சொல் குறித்துக்கொள்ளச் சொன்னேன். எழுதி முடித்ததும் ஒவ்வொன்றையும் அடித்துவிட வேண்டும். முதல் வேலைக்குப் பரிந்துரைக்கும் 20 நிமிடத்தில் இதற்கு ஒரு நிமிடம் போகும்.

ஆசிரியரின் திருத்தத்துக்கும் எல்லை உண்டு. தேர்வுக்கு ஒரு வாரம் முன்பு புது இலக்கணம் எதையும் ஊன்ற முடியாது. தெரிந்த விதி எங்கே வழுக்குகிறது என்று காட்டலாம். விட்டுப்போன கேள்வியைக் காட்டலாம். ‘நான் பாஸ் ஆவேனா?’ என்று கடிதத்தில் கேட்பவர்களும் உண்டு. ஒரு கட்டுரையை வைத்து அதற்கு யாரும் பதில் சொல்ல முடியாது. அந்த வரியை எடுத்துவிட்டு, எந்தச் சந்தேகம், எந்தக் கடிதம், எந்த நாளுக்குள் என்ற மூன்றை எழுதினால் ஆசிரியர் அன்றிரவே உட்கார்ந்து பார்த்துவிடலாம். என்னிடம் அப்படி வரும் கடிதங்களுக்குத்தான் நான் முதலில் பதில் எழுதுகிறேன்.