பயணக் காணொலியை நாள்வாரித் திட்டமாக மாற்றுவது எப்படி? ஹம்பியை முன்வைத்து ஒரு விளக்கம்

ஹம்பி: இருபது நிமிடப் பயணக் காணொலியில் ஹம்பி முழுவதும் ஒரே நாளில் சுற்றிப் பார்க்கும் இடம்போலத் தோன்றும். விருபாக்ஷர் கோயிலிலிருந்து கல் தேர், அடுத்த நொடியில் தாமரை மஹால் எனக் காட்சிகள் மாறுகின்றன. அந்த வரிசையையே பயணத் திட்டமாகக் கொண்டு செல்வோர் நேரத்தையும் பணத்தையும் இழக்க நேரிடுகிறது. காணொலியிலிருந்து நம்பகமான நாள்வாரித் திட்டத்தை உருவாக்குவது எவ்வாறு என்பதை இங்கு காணலாம்.

முதலில் பட்டியல்

யூடியூப் காணொலியின் விவரக்குறிப்புப் பகுதியில் உள்ள Show transcript என்ற பொத்தானை அழுத்தினால், பேசப்படும் சொற்கள் நேரக் குறியீடுகளுடன் கிடைக்கும். அதைக் கொண்டு இடத்தின் பெயர், காணொலியில் சொல்லப்பட்ட செலவு, சொல்லப்பட்ட பயண நேரம், சரிபார்த்த தகவல் என நான்கு பத்திகளில் பட்டியல் எழுத வேண்டும். தானியங்கி எழுத்துரு ஊர்ப்பெயர்களைத் தவறாகப் பதிவு செய்வது வழக்கம் என்பதால், ஒவ்வொரு பெயரையும் வரைபடத்தில் தேடி உறுதி செய்துகொள்வது அவசியம். நான்காவது பத்தி நிரம்பாத எந்த இடத்தையும் திட்டத்தில் சேர்க்கக் கூடாது.

பதிவேற்றிய தேதி முக்கியம்

ஹம்பி குறித்த பழைய காணொலிகள் பலவற்றில், துங்கபத்திரை ஆற்றின் மறுகரையில் உள்ள விருபாபுர கட்டே பகுதியின் குடில்களும் உணவகங்களும் தங்குவதற்குப் பரிந்துரைக்கப்படுகின்றன. உச்ச நீதிமன்றத் தீர்ப்பைத் தொடர்ந்து அங்கிருந்த கட்டடங்கள் 2020ஆம் ஆண்டு இடிக்கப்பட்டன. எனவே 2020க்கு முந்தைய காணொலியில் காட்டப்படும் தங்குமிடத்தை நம்பி, அன்றைய கட்டணத்தைத் திட்டத்தில் எழுதுவது பயனற்றது.

இடங்களைத் தொகுப்பது எப்படி?

காட்சி வரிசையைக் கைவிட்டு, இரண்டு அளவுகோல்களின்படி இடங்களைத் தொகுக்க வேண்டும். ஒன்று, வரைபடத்தில் அருகருகே உள்ளவை. மற்றொன்று, ஒரே நுழைவுச்சீட்டில் அடங்குபவை. கல் தேர் அமைந்துள்ள விட்டலர் கோயிலுக்கு இந்தியத் தொல்லியல் துறை இந்தியர்களிடம் 40 ரூபாய் வசூலிக்கிறது. இணையவழியில் வாங்கினால் 35 ரூபாய். அதே நாளில் அச்சீட்டைக் காட்டி, தாமரை மஹால் உள்ள ஜெனானா வளாகத்திற்கும் செல்லலாம். காணொலியில் இவை இரண்டும் வெவ்வேறு நாட்களில் வந்தால், அதைப் பின்பற்றுவோர் இருமுறை சீட்டு வாங்க வேண்டியிருக்கும்.

இதன்படி அமையும் மூன்று நாள் திட்டம் வருமாறு:

நாள் 1: பெங்களூருவிலிருந்து இரவு ரயிலில் புறப்பட்டால் காலையில் ஹொசப்பேட்டையை அடையலாம். அங்கிருந்து ஹம்பி 13 கிலோமீட்டர். பேருந்திலோ ஆட்டோவிலோ ஏறத்தாழ அரை மணி நேரம். காலையில் விருபாக்ஷர் கோயில், பிற்பகலில் கிருஷ்ணர் கோயில், லட்சுமி நரசிம்மர் சிலை, மாலையில் ஹேமகூட மலை. இவை அனைத்தும் நடந்து செல்லும் தொலைவில் இருப்பதால் வாகனச் செலவு இல்லை.

நாள் 2: காலையிலேயே விட்டலர் கோயில். ஹம்பி கடைவீதியிலிருந்து ஆற்றோரப் பாதையில் சுமார் 2 கிலோமீட்டர் நடந்தால் போதும். சாலைவழி இதைவிடப் பல மடங்கு நீண்டது. வாகனத்தில் செல்வோர் நிறுத்துமிடத்திலிருந்து மேலும் ஒரு கிலோமீட்டர் நடந்தோ மின்கல வண்டியிலோ செல்ல வேண்டும். காணொலிகளில் பெரும்பாலும் வெட்டப்படும் பகுதி இதுவே. நண்பகலுக்குப் பின் தாமரை மஹால், யானைக் கொட்டாரம், கமலாபுரம் அருங்காட்சியகம். வெள்ளிக்கிழமைகளில் அருங்காட்சியகம் மூடப்படும் என்பதால் கிழமையைப் பார்த்து இந்த நாளை அமைக்க வேண்டும்.

நாள் 3: ஆற்றைக் கடந்து ஆனெகுந்தியும், சுமார் 575 படிகள் கொண்ட அஞ்சனாத்ரி மலையும். வெயிலுக்கு முன் ஏறி இறங்குவது நல்லது. அணையிலிருந்து நீர் திறக்கப்பட்டால் படகுகள் நிறுத்தப்படும். அந்நிலையில் பாலம் வழியாகச் சாலையில் சுற்றிச் செல்ல வேண்டும் என்பதால், மழைக்காலத்தில் இந்த நாளுக்குக் கூடுதல் நேரமும் வாகனச் செலவும் ஒதுக்க வேண்டும்.

செலவைக் கணக்கிடும்போது

தனியாகப் பயணிப்பவர் கூறும் மொத்தச் செலவைக் குடும்பத்தின் எண்ணிக்கையால் பெருக்குவது தவறு. நுழைவுச்சீட்டு நபருக்கு உரியது. ஆட்டோ வாடகை வண்டிக்கு உரியது. அறை வாடகை அறைக்கு உரியது. பெற்றோரும் 15 வயதுக்குட்பட்ட இரு குழந்தைகளும் சென்றால், குழந்தைகளுக்குச் சீட்டு தேவையில்லை. ஆக நுழைவுக்கு 80 ரூபாய் மட்டுமே. அதேவேளையில், ஆட்டோவில் மூவருக்கே இடம் உண்டு என்பதால் நால்வருக்கும் ஒரே வண்டி போதுமா என்பதை ஓட்டுநரிடம் முன்கூட்டியே பேசிக்கொள்ள வேண்டும்.

பயண நேரத்தைப் பொறுத்தவரை, காணொலியில் வெட்டப்பட்ட காத்திருப்பு, உணவு, வாகனம் தேடும் நேரம் ஆகியவை திட்டத்தில் தனி வரிகளாக இடம்பெற வேண்டும். அவற்றைச் சேர்த்த பிறகும் இருட்டுவதற்குள் முடியாத நாள் எதுவோ, அதிலிருந்து ஓர் இடத்தை நீக்கிவிடலாம்.